பிரிவு 7ஐ மட்டும் வாசித்துக் காட்டிய பணிப்பாளர்களுக்கு

கொழும்பு
21 ஒக்டோபர் 2025

பணிப்பாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் உங்கள் ஆலோசனை நிறுவனத்தின் ஊடாக விண்ணப்பித்த என் தம்பியின் பிரித்தானிய மாணவர் விசா மறுக்கப்பட்டதையிட்டு, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு நீங்கள் அளித்த பதில் கிடைத்தது. ஒரே பந்தி. ஒப்பந்தத்தின் பிரிவு 7ஐ அப்படியே எடுத்துப் போட்டு, "ஆகவே பணம் மீளளிக்க முடியாது" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தப் பதிலுக்கான பதிலைத்தான் இங்கே பொதுவில் எழுதுகிறேன். கொழும்பில் இதே மாதிரியான ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் குடும்பங்கள் நிறைய. அவர்களும் இதை வாசிக்க வேண்டும். உங்கள் பெயரை எழுதவில்லை. யார் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதலில், எதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். விசா கிடைக்கவில்லை என்பதற்காக நான் பணம் கேட்கவில்லை. விசா தருவதும் மறுப்பதும் பிரித்தானிய அதிகாரியின் முடிவு. அதற்கு எந்த ஆலோசனை நிறுவனமும் உத்தரவாதம் தர முடியாது, அப்படித் தருவதாகச் சொல்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் பிரிவு 7 சொல்வது அதைத்தான்: விசா முடிவு உரிய அரசுக்குரியது, மறுக்கப்பட்டால் சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. இதை வாசித்து விளங்கித்தான் மார்ச் 3ஆம் திகதி அப்பாவும் நானும் கையொப்பமிட்டோம். அதில் எங்களுக்கு இன்றும் பிணக்கு இல்லை.

பிணக்கு வேறொரு பிரிவில் இருக்கிறது. நீங்கள் பதிலில் குறிப்பிடாத பிரிவு 3. அதில் நீங்கள் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியல் உண்டு. அதன் (இ) உட்பிரிவைத் தமிழில் தருகிறேன்: "வாடிக்கையாளரின் நிதி ஆவணங்களை நடைமுறையிலுள்ள விசா விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அவை விதிகளுக்கு அமைவாக உள்ளன என உறுதிசெய்த பின்னர் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தல்." இது ஆலோசனை இல்லை, உறுதிமொழி. மூன்றாம் தவணையான 150,000 ரூபா இந்த வேலைக்கான கட்டணம் என்று உங்கள் கட்டண அட்டவணையே சொல்கிறது. அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

பிரித்தானிய மாணவர் விசாவுக்குப் பணம் காட்டும் விதி ஒளிவுமறைவானதல்ல. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,136 பவுண் வீதம், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். தம்பி விண்ணப்பித்த காலத்தில் இருந்த தொகை இது. ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண். அதோடு முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் மிச்சமிருப்பதையும் காட்ட வேண்டும். தம்பியின் முதுமாணிப் படிப்புக்குக் கட்டணம் 15,500. முற்பணமாக 5,000 கட்டியிருந்தோம், மிச்சம் 10,500. மொத்தம் 20,724 பவுண். அப்பாவின் ஈபிஎஃப் பணமும் தென்மராட்சியில் இருந்த காணித்துண்டு விற்ற பணமும் சேர்ந்ததில் தேவையைவிடச் சற்றுக் கூடவே இருந்தது. தொகையில் எந்தக் குறையும் இல்லை, மறுப்புக் கடிதமும் தொகை குறைவு என்று சொல்லவில்லை.

ஆனால் தொகை இருந்தால் மட்டும் போதாது. அது தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்களில் ஒரு நாள்கூட மீதி தேவையான தொகைக்குக் கீழே போகக் கூடாது. வங்கிக் கூற்றின் கடைசித் திகதிதான் அந்த 28 நாட்களின் முடிவு, அது விண்ணப்பத் திகதிக்கு 31 நாட்களுக்கு முற்பட்டதாக இருக்கக் கூடாது. விண்ணப்பத் திகதி என்பது இணையத்தில் கட்டணம் செலுத்திய நாள், கைரேகை கொடுக்கப் போன நாள் அல்ல. இந்த வேலையில் இருப்பவர் எவருக்கும் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

இனித் திகதிகள். காணிப் பணம் அப்பாவின் கணக்கில் விழுந்தது ஜூலை 14, திங்கட்கிழமை. அன்றுதான் மீதி தேவையான தொகையைத் தாண்டியது. அன்றிலிருந்து எண்ணினால் 28ஆவது நாள் ஓகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. ஆகவே வங்கிக்குப் போய்க் கூற்றும் உறுதிக் கடிதமும் எடுக்க வேண்டிய முதல் நாள் ஓகஸ்ட் 11, திங்கள். நீங்கள் எடுக்கச் சொன்னது ஓகஸ்ட் 6. விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தது ஓகஸ்ட் 7. அந்தக் கூற்றில் இருந்தது 24 நாட்கள்.

நான்கு நாட்கள் குறைவு. ஓகஸ்ட் 8 போயா விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. நீண்ட விடுமுறைக்கு முன் கோப்பை முடித்துவிட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு அவசரம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. படிப்பு தொடங்குவது செப்டெம்பர் கடைசியில். வெளிநாட்டிலிருந்து போடும் மாணவர் விண்ணப்பத்துக்கு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வருகிறது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுமதியை உறுதிசெய்து தரும் காஸ் கடிதம் ஜூலையிலேயே கையில் இருந்தது. திங்கட்கிழமை வரை பொறுத்திருந்தால் எதுவும் கெட்டுப்போயிருக்காது.

தம்பி இதைக் கேட்கவும் செய்தான். ஓகஸ்ட் 5 மாலை, மூன்றாம் தவணையைக் கட்டிவிட்டு வந்த பிறகு, "28 நாள் முடியேல்லையே, பரவாயில்லையா?" என்று உங்கள் ஆலோசகருக்கு வட்ஸ்அப்பில் எழுதினான். அவருடைய பதில் குரல் பதிவாக இருக்கிறது: "தம்பி, பயோமெற்றிக் குடுக்கிற நாளுக்குள்ள 28 நாள் வந்திரும், அதப் பாத்துத்தான் நாங்கள் போடுறம்." கைரேகை கொடுத்தது ஓகஸ்ட் 13. அவர் அந்தத் திகதியை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். விதி எண்ணுவது அந்த நாளை அல்ல. அதைவிட, ஓகஸ்ட் 6இல் எடுத்த கூற்று ஓகஸ்ட் 13இல் கணக்கில் என்ன இருந்தது என்று எப்படிச் சொல்லும்? இதைக் கேட்டபோது அந்த ஆலோசகர் இப்போது உங்களிடம் வேலை செய்யவில்லை என்றார்கள். சரி. நாங்கள் ஒப்பந்தம் செய்தது அவரோடு அல்ல, உங்கள் நிறுவனத்தோடு.

செப்டெம்பர் 3ஆம் திகதி மறுப்பு வந்தது. காரணம் ஒன்றே ஒன்று. சமர்ப்பித்த வங்கிக் கூற்று தேவையான பணம் 28 நாட்கள் தொடர்ச்சியாக இருந்ததைக் காட்டவில்லை, கூற்று முடியும் திகதி ஓகஸ்ட் 6. படிப்பின் நோக்கத்தில் சந்தேகம் என்றோ, நேர்முகத்தில் பதில் சரியில்லை என்றோ, ஆவணம் போலி என்றோ ஒரு வார்த்தை இல்லை. மறுப்புக் கடிதங்களில் அதிகாரியின் மதிப்பீட்டைச் சார்ந்த காரணங்கள் வரும்போது யாருடைய தவறு என்று சொல்வது கடினம். இங்கே அப்படியில்லை. நாட்காட்டியை வைத்து எண்ணினால் போதும்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன்.

பிரிவு 7 யாருடைய முடிவால் வரும் இழப்பைப் பற்றிப் பேசுகிறது? விசா அதிகாரியின் முடிவால் வருவதை. பிரிவு 9 எதைப் பற்றியது? வாடிக்கையாளர் பொய்த் தகவலோ போலி ஆவணமோ தந்தால் முழுப் பொறுப்பும் அவருக்கே என்கிறது. அதிகாரியின் முடிவுக்கு ஒரு பிரிவு, எங்கள் தவறுக்கு ஒரு பிரிவு. உங்கள் தவறால் மறுக்கப்பட்டால் என்ன என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தைப் பிரிவு 7ஆல் நிரப்பப் பார்க்கிறீர்கள். அப்படி வாசித்தால் பிரிவு 3(இ)க்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. சரிபார்த்தாலும் சரி, சரிபார்க்காமல் போட்டாலும் சரி, கட்டணம் உங்களுக்கு என்றால், சரிபார்ப்பதாக ஏன் எழுதிக் கையொப்பமிட்டீர்கள்? ஒரு பொறுப்புவிலக்குப் பிரிவை இரண்டு விதமாக வாசிக்க இடமிருந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமாகவே வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தில் நெடுநாளாக இருக்கும் விதி. உங்கள் ஒப்பந்தம் அச்சடித்த படிவம். அதில் ஒரு வரியைக்கூட நாங்கள் எழுதவில்லை.

ஒப்பந்தம் சொல்லாத இடத்தில் சட்டம் பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, நுகர்வோருக்குச் சேவை வழங்கும் ஒப்பந்தத்தில் அந்தச் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்கிறது. யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை, அது தானாகவே அங்கே இருக்கும். அதோடு, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும் இருக்கிறது. தன் கடமையைச் செய்யத் தவறிய ஒருவர் அச்சடித்த நிபந்தனை ஒன்றைக் காட்டித் தப்பப் பார்க்கும்போது, அந்த நிபந்தனை நியாயமானதா என்று கேட்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. உங்கள் சட்டத்தரணியிடம் இந்த இரண்டையும் காட்டுங்கள்.

தொலைபேசியில் இன்னொரு வாதமும் சொன்னீர்கள். விண்ணப்பம் தம்பியின் பெயரில் போனது, தகவல் எல்லாம் சரியென்று அவன்தான் உறுதிமொழியில் ஒப்புக்கொண்டான், ஆகவே பொறுப்பு அவனுடையது என்று. அந்த உறுதிமொழி அவனுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையிலானது. அதில் கொடுத்த தகவல் எல்லாம் உண்மைதான்: கணக்கு உண்மை, பணம் உண்மை, திகதி உண்மை. ஓகஸ்ட் 7இல் போடுவது சரியா என்று தீர்மானிக்கத்தான் உங்களுக்குப் பணம் கட்டினோம். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லும் கடைசி நாள் வரை உங்கள் அலுவலகத்திலேயே இருந்தது.

மறுப்பு வந்த மறுநாள் நீங்கள் தந்த யோசனையையும் குறிப்பிட வேண்டும். நிர்வாக மீளாய்வுக்குப் போகலாம், அதற்கு உங்கள் கட்டணம் 60,000 ரூபா என்றீர்கள். மீளாய்வுக்குப் பிரித்தானிய அரசு எடுப்பது 80 பவுண், 28 நாட்களுக்குள் கேட்க வேண்டும். அதெல்லாம் சரி. ஆனால் மீளாய்வு பார்ப்பது முடிவெடுத்த அதிகாரி பிழை விட்டாரா என்பதை. இந்த அதிகாரி பிழை விடவில்லை. கூற்றில் 24 நாட்கள்தான் இருந்தன. புதிய கூற்றை அனுப்பி அதைத் திருத்தவும் முடியாது. தோற்பது நிச்சயமான ஒன்றுக்கு இன்னும் 60,000 கேட்டது என்னை அதிகம் வருத்தியது. அறியாமல் சொன்னீர்கள் என்றால் திறமையில் குறை. அறிந்து சொன்னீர்கள் என்றால் அதற்குப் பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

இப்போது பணக் கணக்கு. விசா மறுக்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் எல்லாப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்கின்றன, நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மறுக்கின்றன. இரண்டும் சரியில்லை. ஒவ்வொரு பணமும் ஒவ்வொருவரிடம் போயிருக்கிறது. சுகாதார மேலதிகக் கட்டணம் 1,164 பவுண் பிரித்தானிய அரசுக்குப் போனது. விசா மறுக்கப்பட்டால் அது தானாகத் திரும்பும், எங்களுக்கும் திரும்பியது. முற்பணம் 5,000 பவுண் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மறுப்புக் கடிதத்தை அனுப்பிக் கேட்டோம், அவர்களுடைய மீளளிப்பு விதிப்படி அப்பாவின் கணக்குக்கே அனுப்பிவிட்டார்கள். விசாக் கட்டணம் 524 பவுண் திரும்பாது, விண்ணப்பத்தைப் பரிசீலித்துவிட்டார்கள்.

உங்களுக்கு வந்தது மொத்தம் 285,000 ரூபா. பதிவுக்கு 35,000, பல்கலைக்கழக அனுமதி வந்ததும் 100,000, விசாக் கோப்புக்கு 150,000. முதல் இரண்டையும் நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தீர்கள், அனுமதி வாங்கித் தந்தீர்கள், நேர்முகத்துக்குத் தம்பியை நன்றாகத் தயார்படுத்தினீர்கள். அந்த வேலைக்கான கூலி உங்களுடையது. கேட்பது மூன்றாம் தவணையை. அதற்குரிய வேலை ஒப்பந்தப்படி நடக்கவில்லை. அதோடு விசாக் கட்டணம் 524 பவுணுக்காக அப்பாவின் அட்டையில் கழிந்த ரூபாத் தொகையையும் கேட்கிறேன். அது உங்கள் தவறால் நேரடியாக வந்த இழப்பு, அட்டைக் கூற்று இணைத்திருக்கிறேன். காசநோய்ச் சோதனைக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், ஜனவரியில் தொடங்கும் படிப்புக்கு மீண்டும் போடும்போது பயன்படும். மன உளைச்சலுக்கும் விலை போடவில்லை.

ஒன்றுக்கு மட்டும் விலை போட முடியவில்லை. இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்குத் தம்பி ஆம் என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வயதில், எந்தப் பொய்யும் சொல்லாத ஒரு பிள்ளை, ஒவ்வொரு முறையும் இதை விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தை எளிதாக்க உங்களால் ஒன்று செய்ய முடியும். நிதி ஆவணங்களின் திகதியைத் தீர்மானித்தது உங்கள் நிறுவனம் என்று கடிதத் தலைப்பில் எழுதித் தாருங்கள். காசைவிட அதைத்தான் அப்பா கேட்கிறார்.

கடைசியாக, காலம் பற்றி. செப்டெம்பர் முழுக்க "பணிப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார்", "கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்கிறோம்", "ஜனவரிக்குப் போடும்போது பார்த்துச் செய்வோம்" என்று சொன்னீர்கள். இந்தத் தாமதத்தை மற்றவர்களும் கவனிக்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பு வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது. மிகக் கடுமையாக எண்ணினால், எங்கள் விடயத்தில் அது ஓகஸ்ட் 7இல் தொடங்கி நவம்பர் 7இல் முடிகிறது. ஜனவரி வரை பொறுத்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். அது மூடினாலும் நீதிமன்றம் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்குக்குக் காலவரையறை ஆறு ஆண்டுகள். ஆனால் 150,000 ரூபாவுக்காக வழக்கறிஞரிடம் போவது எந்தக் குடும்பத்துக்கும் பெரிய பாரம், அது உங்களுக்கும் தெரியும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற வேண்டும். அந்தச் சட்டம் வேலைவாய்ப்புக்கானது, படிப்புக்கு அனுப்பும் உங்களைப் போன்றவர்களை அது தொடுவதில்லை. ஆகவே எங்களைப் போன்றவர்களின் கையில் இருப்பது அந்தக் கையொப்பமிட்ட ஒப்பந்தமும் பற்றுச்சீட்டுகளும்தான். அதனால்தான் அதை வரி வரியாக வாசிக்கிறேன்.

இந்த மடலோடு மார்ச் 3ஆம் திகதிய ஒப்பந்தத்தின் பிரதி, மூன்று பற்றுச்சீட்டுகள், ஓகஸ்ட் 6ஆம் திகதிய வங்கிக் கூற்று, குரல் பதிவின் எழுத்து வடிவம், மறுப்புக் கடிதம், அட்டைக் கூற்று ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் தவணையும் விசாக் கட்டணமும் அப்பாவின் கணக்குக்கு வர வேண்டும், மேலே கேட்ட கடிதமும் வர வேண்டும். தவணை முறையில் தர விரும்பினால் திகதிகளை எழுத்தில் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறோம். தொலைபேசியில் பேச வேண்டாம். எதுவும் வராவிட்டால் நவம்பர் 3, திங்கட்கிழமை காலை இதே கோப்பை அதிகார சபையில் ஒப்படைப்பேன். முறைப்பாடு எழுதி முடித்துவிட்டேன், திகதி மட்டும்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
மாணவனின் அக்கா, ஒப்பந்தத்தில் இரண்டாவதாகக் கையொப்பமிட்டவர்
வெள்ளவத்தை